கூலித் தாளில் இடமில்லாத நேரம்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே, வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இயங்கும் தையல் கூடம் ஒன்றின் வாரக் கூலித் தாள் சில வாரங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு பெண்கள் அங்கே பள்ளிச் சீருடைச் சட்டைகள் தைக்கிறார்கள். தாளைக் கொண்டுவந்த பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கணக்குல தப்பு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். உழைச்ச உழைப்புக்கும் கைக்கு வந்த காசுக்கும் ஒத்து வரல."

கூட்டிப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன். தவறு ஏதும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. பிழையே இல்லாத ஒரு கணக்கில் கூலி எப்படிக் குறைய முடியும் என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தத் தாளுக்கு அந்தக் கூடத்தின் சுவர்களைத் தாண்டிய பொருள் உண்டு. கூடத்தை அடையாளம் காட்டாதிருக்க எண்களை மாற்றி, எளிய எண்களாக்கியிருக்கிறேன். கணக்கின் அமைப்பை மாற்றவில்லை.

எட்டு வேலைகள், எட்டு ரேட்டுகள்

தெருமுனைத் தையல் கடையில் ஒருவரே முழுச் சட்டையையும் தைக்கிறார். கூடத்தில் அப்படி இல்லை. வெட்டி வந்த துணி எட்டு கைகள் மாறிச் சட்டையாகிறது. காலர் தயாரிப்பது ஒருவர்; பாக்கெட் வைப்பது ஒருவர்; தோளை இணைத்துக் காலரை ஏற்றுவது மற்றொருவர். பிறகு கை வைத்து, பக்கம் அடித்து, கீழே மடித்து, காஜா எடுத்துப் பட்டன் கட்டி, கடைசியில் பிசிறு வெட்டிச் சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேட் உண்டு. நான் பார்த்த தாளில் பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய், கை வைப்பதற்கு மூன்று ரூபாய். எட்டு வேலைகளையும் கூட்டினால் ஒரு சட்டைக்குத் தையல் கூலி 18 ரூபாய் 50 காசு. 'பீஸ் ரேட்' என்று எல்லோரும் சொல்லும் உருப்படிக் கூலி இதுதான்.

மாலை ஐந்தரை மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு நோட்டுடன் சுற்றி வருகிறார். யார், எந்த வேலை, எத்தனை உருப்படி என்று எழுதிக்கொள்கிறார். சனிக்கிழமை ஆறு நாள் எண்ணிக்கையைக் கூட்டி, ரேட்டால் பெருக்கி, கூலி போடுகிறார். ஒரு பக்கத் தாளில் பன்னிரண்டு பேரின் வாரம் அடங்கிவிடுகிறது.

பார்வைக்கு எளிய இந்தத் தாளில், பெருக்குவதற்கு முன்பே தவறு நுழையக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பது. ஒரு சட்டைக்கு இரண்டு கைகள். மூன்று ரூபாய் என்பது ஒரு கைக்கா, ஒரு சட்டைக்கா? அந்தக் கூடத்தில் அது சட்டைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாளில் எங்கும் எழுதப்படவில்லை. புதிதாக வந்த ஒரு பெண் முதல் வாரம் முழுவதும் கைகளைத் தனித்தனியே எண்ணிச் சொல்லி, சனிக்கிழமை கூலி பாதியாக வந்தபோது அழுதிருக்கிறார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ரேட்டுக்குப் பக்கத்தில் 'ஒரு சட்டைக்கு, இரண்டு கையும் சேர்த்து' என்று எழுதியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

இரண்டாவது இடம், எண்ணும் நேரம். அதைக் கண்டுபிடிக்கத் தாளுக்குள்ளேயே வழி இருக்கிறது. அந்த வாரம் புதிதாகத் தொடங்கிய ஒரு லாட்டில் 1,200 சட்டைகள் வெட்டப்பட்டன. கை வைத்த இரண்டு பெண்களின் எண்ணிக்கை 565, 590, மொத்தம் 1,155. அடுத்த வேலையான பக்கம் அடித்தலில் மொத்தம் 1,170 என்று எழுதியிருந்தது. கை வைக்காத சட்டைக்குப் பக்கம் அடிக்க முடியாது. கையின் அடிப்பகுதியும் சட்டையின் பக்கமும் ஒரே ஓட்டத்தில் தைக்கப்படுபவை. முந்தைய வாரத்தின் மீதிச் சட்டையும் இல்லை. ஆகவே, 15 சட்டைகள் யார் கணக்கிலோ விடுபட்டிருக்கின்றன, அல்லது யார் கணக்கிலோ ஏறியிருக்கின்றன.

விசாரித்தபோது விடை கிடைத்தது. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டு நகர்ந்த பிறகு, அந்தப் பெண்கள் எடுத்த கட்டை முடித்துவிடலாம் என்று மேலும் 15 சட்டைகளுக்குக் கை வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை அவை பக்கம் அடிப்பவரிடம் போய்விட்டன. கை வைத்தவர் கணக்கில் அவை ஏறவே இல்லை. விடுபட்டது 45 ரூபாய்.

தொகை சிறியதாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது சோதனை முறையை. எந்த வேலையின் எண்ணிக்கையும் அதற்கு முந்தைய வேலையின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்க முடியாது. எல்லா எண்ணிக்கையும் வெட்டிய துணியைத் தாண்ட முடியாது. வார மீதியைத் தனியே குறித்துக்கொண்டு இந்த இரண்டையும் சரிபார்த்தால், தொழிலாளிக்கு விடுபட்டதும் தெரியும். முதலாளிக்கு அதிகமாக எழுதப்பட்டதும் தெரியும். வங்கிக் கணக்கில் வரவும் செலவும் ஒத்துப்போவதைப் பார்ப்பது போன்ற வேலை இது. பெரிய ஆலைகளில் ஒவ்வொரு கட்டுடனும் ஒரு சீட்டு போய், அதைத் தைத்தவர் தன் பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். சிறு கூடங்களில் மேற்பார்வையாளரின் நோட்டே முதலும் முடிவுமான சாட்சி.

பெருக்கல் சரி; கூலி?

இனி என்னிடம் வந்த பெண்ணின் வாரத்துக்கு வருவோம். கை வைத்தது 565 சட்டைகள்; தலா மூன்று ரூபாய் வீதம் 1,695. இடையிடையே பாக்கெட் வைத்தது 320. ஒன்றரை ரூபாய் வீதம் 480. ஆக, ஆறு நாளுக்கு 2,175 ரூபாய். இதைத்தான் நான் சரிபார்த்து, தவறில்லை என்றேன்.

அவருக்கு உரிய குறைந்தபட்ச நாள் கூலி 400 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆறு நாளுக்கு 2,400. எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாளும் வந்த ஒருவருக்கு 225 ரூபாய் குறைகிறது. நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாள்களில் அவர் சம்பாதித்தது 405 முதல் 435 ரூபாய் வரை. புதனும் சனியும் மட்டும் தலா 240. அந்த இரண்டு நாளும் அவர் சோம்பி இருந்தாரா?

புதன்கிழமை மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. அவர் இயந்திரத்தின் முன்னேயே உட்கார்ந்திருந்தார். எப்போது கரண்ட் வரும் என்று தெரியாத நிலையில் வீட்டுக்குப் போகவும் முடியாது. சனிக்கிழமை, வெட்டும்போது கைக்குழியின் அடையாளம் தவறியிருந்த ஒரு கட்டு திரும்பி வந்தது. ஏற்கெனவே கை வைத்த 45 சட்டைகளைப் பிரித்து, மறுபடியும் தைத்துக் கொடுத்தார். அதற்கும் மூன்று மணி நேரம் ஆனது. அந்த 45 சட்டைகள் முன்பே எண்ணப்பட்டுவிட்டதால் மறுமுறை எண்ணப்படவில்லை. இரு நாளும் மீதியிருந்த ஐந்து மணி நேரத்தில் 240 ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறார். மணிக்கு 48 ரூபாய். அவருடைய வழக்கமான வேகத்திலிருந்து பெரிதும் குறையவில்லை.

ஆக, குறைந்தது அவருடைய உழைப்பு அல்ல. மின்சாரம் போனதும், துணியைத் தவறாக வெட்டியதும் அவருடைய குற்றம் அல்ல. ஆனால் தாளுக்கு இவை எதுவும் தெரியாது. அதில் எண்ணிக்கைக்கு இடம் உண்டு, ரேட்டுக்கு இடம் உண்டு, நேரத்துக்கு இடம் இல்லை. புதன்கிழமைக் கட்டத்தில் '50' என்று எழுதியிருந்தது. சுறுசுறுப்பில்லாத ஒருவர் எட்டு மணி நேரத்தில் தைத்த 50-ம், திறமையான ஒருவர் ஐந்து மணி நேரத்தில் தைத்த 50-ம் அந்தக் கட்டத்தில் ஒரே எண்தான். உற்பத்தி நின்றுபோகும் நேரத்தின் இழப்பு முழுவதும், யாரும் அப்படி முடிவு செய்யாமலேயே, தொழிலாளியின் தலையில் போய் விழுந்துவிடுகிறது. பீஸ் ரேட் முறையின் மையக் குறை இது.

மூன்று ரூபாய் எங்கிருந்து வந்தது?

ரேட்டைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. கை வைக்க ஏன் மூன்று ரூபாய்? கூடம் நடத்துபவரிடம் கேட்டால், "மூணு வருஷமா அதுதான்" என்பார். அல்லது, "பக்கத்து ஊரிலும் அதேதான்" என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் காரணம் ஆகாது.

ஒரு வேலைக்கு ரேட் போடும் முறை ஆயத்த ஆடைத் தொழிலில் எல்லோரும் அறிந்ததே. நடுத்தர வேகத்தில் தைக்கும் ஒருவருக்கு அந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பல முறை நேரம் பார்க்க வேண்டும். நூல் அறுவது, பாபின் மாற்றுவது, கட்டை அவிழ்ப்பது, தண்ணீர் குடிக்க எழுவது ஆகியவற்றுக்கான நேரத்தைச் சேர்க்க வேண்டும். அந்த நிமிடத்தை, ஒரு நிமிடத்துக்கு உரிய கூலியால் பெருக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். 400 ரூபாய் நாள் கூலி என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 83 காசு. கை வைக்க இவை எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகிறது என்றால், ரேட் 3 ரூபாய் 33 காசு. தாளில் இருப்பதோ மூன்று ரூபாய். நடுத்தர வேகமுள்ள ஒரு பெண் நாள் முழுவதும், ஒரு நிமிடம்கூட வீணாகாமல் கை வைத்தால் 120 சட்டைகள் முடிப்பார்; அவருக்குக் கிடைப்பது 360 ரூபாய். என்னிடம் வந்தவர் நல்ல நாள்களில் 400 ரூபாயைத் தாண்டியது, மற்றவர்களைவிட வேகமான கை அவருக்கு இருந்ததால்தான். சட்டம் எல்லோருக்கும் உரிமையாகக் கொடுத்ததை அவர் தன் திறமையை விலையாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. நேரம் பார்க்க, கூடத்திலேயே வேகமாகத் தைப்பவரைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. அவருடைய மூன்று நிமிடம் எல்லோருக்கும் அளவுகோலாகிவிடும். இரண்டாவது, ரேட்டை ஒரு முறை நிர்ணயித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாள் மாறுகிறது. நாள் கூலி வாங்குபவருக்கு அந்த மாற்றம் தெரியவரும். மூன்று ரூபாய் ரேட்டில் அது எங்கே ஏறும்? ரேட் எத்தனை நிமிடத்தின் அடிப்படையில் வந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான், நிமிடக் கூலி உயரும்போது ரேட்டும் உயரும்.

பிரிட்டனில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. ஒரு வேலையில் தொழிலாளர்கள் சராசரியாக மணிக்கு எத்தனை உருப்படி முடிக்கிறார்கள் என்று சோதித்து, அதை 1.2-ஆல் வகுத்து, குறைந்தபட்ச மணிக் கூலியை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். அதுவே நியாயமான உருப்படி ரேட். சராசரியைவிட மெதுவாகத் தைப்பவரும் குறைந்தபட்சக் கூலியை எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 1.2. நம் கணக்கில் வைத்துப் பார்த்தால் மணிக்கு 15 சட்டை என்பது 12.5 ஆகும், 50 ரூபாய் மணிக் கூலியை அதனால் வகுத்தால் ஒரு சட்டைக்கு நான்கு ரூபாய். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 2022 ஜனவரி முதல் ஆயத்த ஆடைத் தொழிலில் பீஸ் ரேட்டையே பொதுவாகத் தடை செய்து, மணிக் கூலியைக் கட்டாயமாக்கியது. தொழிற்சங்கம் கூட்டாகப் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தம் உள்ள இடங்களுக்கு மட்டுமே விலக்கு. நாம் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை நம் தாளில் ஏற்றினாலே போதும்.

சட்டம் சொல்வது

பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்ற நம்பிக்கை டெல்டா முழுவதும் பரவலாக இருக்கிறது. முதலாளிகள் மட்டுமல்ல, தொழிலாளர்களும் அதை நம்புகிறார்கள். அது தவறு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின் 12-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஒரு வேலைக்குக் குறைந்தபட்ச உருப்படிக் கூலி நிர்ணயிக்கப்படாமல், நேர அடிப்படையிலான கூலி மட்டுமே நிர்ணயிக்கப்பட்டிருந்தால், உருப்படிக்குக் கூலி பெறுபவருக்கும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையின்படி அதிகம் வந்தால் அதிகம். குறைவாக வந்தால் சட்டம் வகுத்த தரை. அதற்குக் கீழே போக முடியாது.

காத்திருந்த நேரத்துக்கும் விடை இருக்கிறது. அதே தொகுப்பின் 10-ஆவது பிரிவின்படி, நாள் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையில் வழக்கமான நேரத்தைவிடக் குறைவாக வேலை நடந்தாலும், முழு நாளுக்குரிய கூலி உண்டு. தொழிலாளி தானே வேலை செய்ய விரும்பாமல் இருந்தால் விலக்கு. வேலை கொடுக்க முடியாமல் போனது முதலாளியின் தரப்பு என்றால் விலக்கு இல்லை. ஆகவே, புதன்கிழமையின் மூன்று மணி நேரத்தை வார மொத்தத்தில் கரைத்துவிடுவதைவிட, அந்த நாளின் கணக்கிலேயே நேர்செய்வது பொருத்தம் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு வர வேண்டியது 225 அல்ல. புதனுக்கு 160, சனிக்கு 160, ஆக 320 ரூபாய்.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்பின் 23-ஆவது கூறு தடை செய்யும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் கூறியது. கடுமையான சொல்தான். சிறு கூடம் நடத்தும் ஒருவரை நோக்கி அந்தச் சொல்லை வீச எனக்கு மனமில்லை. ஆனால் தொகை சிறியது என்பதால் உரிமை சிறியதாகிவிடாது என்பதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கவில்லை? ஆய்வாளர் வந்து தாளைப் பார்த்தால், 565-ஐ மூன்றால் பெருக்கிப் பார்ப்பார். நான் பார்த்ததைப் போலவே அவரும் தவறில்லை என்பார். எத்தனை மணி நேரத்துக்கு இந்தக் கூலி என்று தெரியாமல், அது தரைக்கு மேலா கீழா என்று யாராலும் சொல்ல முடியாது. நேரத்தை எழுதாத தாள், சட்டமீறலை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலேயே அதை மறைத்துவிடுகிறது.

கூடம் நடத்துபவரின் கணக்கு

மறுதரப்பையும் கேட்க வேண்டும். பெண்கள் பீஸ் ரேட்டையே விரும்புகிறார்கள் என்று கூடம் நடத்துபவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வருபவர்கள், சம்பா நடவு நேரத்தில் பத்து நாள் வயலுக்குப் போய்விட்டு வருபவர்கள், மணிக்கணக்குக்குக் கட்டுப்பட முடியாதவர்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலில் வேலை நாள்கள் சுருங்கிப்போன ஊர்களில், இந்தக் கூடங்கள்தாம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கிடைக்கும் வேலை. அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் இயந்திரம் பெற்ற பலர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

நேரத்தைப் பதிவு செய்வது இந்தச் சுதந்திரத்தைப் பறிக்காது. ஐந்து மணி நேரம் வந்தவருக்கு ஐந்து மணி நேரத்தின் தரை. எட்டு மணி நேரம் வந்தவருக்கு எட்டு மணி நேரத்தின் தரை. பத்து மணிக்கு வருபவர் பத்து மணிக்கே வரலாம். அவர் வந்த பிறகு காத்திருந்தது யாருடைய நேரம் என்பதுதான் கேள்வி.

அடுத்த வாதம் இன்னும் கனமானது. சட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி விலை சொல்லிவிடுகிறார். அதற்குள்தான் வாடகை, மின்சாரம், நூல், கூலி எல்லாம். இந்தப் பெண்ணுக்கு வாரக் கணக்கில் குறைந்த 225 ரூபாயை அவர் கை வைத்த 565 சட்டைகளில் பரப்பினால், சட்டைக்கு 40 காசு. எட்டு வேலைகளிலும் இதே அளவு பற்றாக்குறை என்றால் மூன்று ரூபாய்க்கு மேல் வருகிறது. 18 ரூபாய் 50 காசு கூலியில் அது சிறிய தொகை அல்ல. சிறு கூடத்தின் லாபம் முழுவதும் அதற்குள் போய்விடக்கூடும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த மூன்று ரூபாய் இப்போது இல்லாமல் போய்விடவில்லை. அதை இன்று யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கை வைக்கும் பெண்ணும் காலர் ஏற்றும் பெண்ணும் கொடுக்கிறார்கள். தாளில் அது எழுதப்பட்டால், கூடம் நடத்துபவர் வியாபாரியிடம் பேசும்போது காட்டுவதற்கு ஓர் எண்ணாவது இருக்கும். வெட்டிய துணியில் தவறு என்றால், திருத்தத்துக்கு ஆன மூன்று மணி நேரத்தை வெட்டி அனுப்பியவர் கணக்கில் வைக்கலாம். எழுதப்படாத இழப்பை யாரிடமும் கேட்க முடியாது.

இதில் அரசுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. சத்துணவுத் திட்டத்தில் உள்ள ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு வழங்கப்படும் விலையில்லாச் சீருடைகளைத் தைப்பவர்கள், சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். தஞ்சை மாவட்டத்திலும் அத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு சீருடைக்கு இவ்வளவு என்று தையல் கூலியை நிர்ணயிப்பது வியாபாரி அல்ல, அரசு. துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைப்பவருக்கு நேரப் பதிவேடு சாத்தியமில்லை. ஆகவே, அங்கே ரேட்தான் எல்லாமே. அரைக்கால் சட்டைக்கு எத்தனை நிமிடம், பாவாடைக்கு எத்தனை நிமிடம் என்று நடுத்தர வேகமுள்ளவர்களை வைத்து நேரம் பார்த்து, அந்த நிமிடங்களைக் கூலி ஆணையிலேயே அச்சிட்டு, ஏப்ரல் மாதப் பஞ்சப்படியுடன் ரேட்டைப் பிணைத்துவிட்டால், தனியார் கூடங்களுக்கும் அதுவே அளவுகோலாகிவிடும். சந்தையின் பெரிய கொள்முதலாளர் தன் கணக்கைத் திறந்து காட்டினால் மற்றவர்கள் மூடி வைத்திருப்பது கடினம்.

மரக்காலின் நினைவு

தஞ்சை மண்ணுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. நெல்லாகக் கூலி அளந்த காலத்தில், எத்தனை மரக்கால் என்பதைப் போலவே, எந்த மரக்கால் என்பதும் சண்டைக்குரிய கேள்வியாக இருந்தது. 1940-களில் பி. சீனிவாசராவ் உள்ளிட்டோர் இங்கே கட்டி எழுப்பிய விவசாயிகள் இயக்கத்தின் கோரிக்கைகளில், முத்திரை போட்ட மரக்காலில் கூலியை அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. அளக்கும் கருவி நேர்மையாக இல்லாவிட்டால், ரேட்டை உயர்த்தியும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதன் பின்னணியில்தான் 1968-இல் கீழ்வெண்மணி எரிந்தது. அதற்கு மறு ஆண்டு, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நடவுக்கும் இன்று 'மா'வுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு வகையில் பீஸ் ரேட்தான். ஆனால் அங்கே ஒரு மா நிலம் வரப்புக்குள் இரு தரப்பின் கண்ணெதிரே கிடக்கிறது. தையல் கூடத்தில் வரப்பு இல்லை. கூலித் தாள்தான் வரப்பு. அதை ஒரு தரப்பு மட்டுமே எழுதி, ஒரு தரப்பு மட்டுமே வைத்திருப்பது பொருத்தமல்ல.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. தாளில் ரேட்டுக்கு அருகில் அது எதற்கான ரேட் என்பதையும், எத்தனை நிமிடத்துக்கு என்பதையும் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் வந்த நேரம், போன நேரம், காத்திருந்த நிமிடம், திருத்த வேலைக்கு ஆன நிமிடம் ஆகியவற்றுக்கு இடம் விட வேண்டும். அடியில் இரண்டு தொகைகள் இருக்க வேண்டும்: எண்ணிக்கைப்படி வரும் கூலி ஒன்று, நேரப்படி சட்டம் வகுத்த தரை மற்றொன்று. எது அதிகமோ அது கூலி. மாலையில் எழுதிய எண்ணிக்கையை அன்றே தொழிலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, வாரக் கடைசியில் ஒரு நகலையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஊதியச் சட்டத் தொகுப்பின் 50-ஆவது பிரிவு பதிவேடும் ஊதியச் சீட்டும் கேட்கிறது. அந்தச் சீட்டின் வடிவத்தை மாநில விதிகளில் வரையறுக்கும்போது, பீஸ் ரேட் தொழிலாளிக்கு மணி நேரக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது தொழிலாளர் துறையின் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, பெருக்கலில் தப்பில்லை, எழுதாமல் விட்டதில்தான் தப்பு என்றேன். புதன்கிழமைக் கட்டத்தில் '50' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கரண்ட் இல்லை, 3 மணி' என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை நானே எழுதிக்கலாமா சார்?" என்று கேட்டார். எழுதலாம், அம்மா. ஆனால் அதை எழுத வேண்டிய கடமை உங்களுடையது அல்ல.